யாரைக் கேட்டுக் குழி போட்டார்கள்? சராயாகு வழக்கு, காவிரி டெல்டாவிலிருந்து

நிலத்துக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்க வெடி வைத்து சர்வே எடுக்கும் வேலை டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. நேர்கோட்டில் இடைவெளி விட்டுக் குழி போடுவார்கள். குழிக்குள் வெடிமருந்தை இறக்கி வெடிக்க வைப்பார்கள். பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வைக் கருவிகள் பதிவு செய்யும். 2002 அக்டோபரிலிருந்து 2003 பிப்ரவரி வரை இதே வேலை தென் அமெரிக்காவில், எக்குவடோர் நாட்டின் அமேசான் காட்டில், சராயாகு என்ற கிச்வா பழங்குடி மக்களின் நிலத்தில் நடந்தது. அங்கே 467 குழிகளில் சுமார் 1,433 கிலோ பென்டோலைட் வெடிமருந்தை இறக்கினார்கள். மக்கள் எதிர்த்து நின்றதால் வேலை பாதியில் நின்றது. வெடிமருந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த மக்கள் தொடுத்த வழக்கில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2012 ஜூன் 27 அன்று தீர்ப்புச் சொன்னது. பழங்குடி மக்களின் நிலத்தில் ஒரு திட்டம் வருவதற்கு முன் அவர்களை எப்படிக் கேட்க வேண்டும், எது கேட்டதாகும், எது ஆகாது என்பதை இவ்வளவு விரிவாகப் பிரித்துச் சொன்ன தீர்ப்புகள் குறைவு. மீத்தேன், ஹைட்ரோகார்பன், நிலக்கரி என்று 10 வருடத்துக்கும் மேலாக ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிட்ட நம் பகுதியில் இந்த வழக்கைத் தெரிந்துகொள்வது பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். எங்கே அது நமக்குப் பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் வீண் நம்பிக்கைதான் மிஞ்சும்.

நிலமும் ஒப்பந்தமும்

சராயாகு, பாஸ்தாசா மாகாணத்தில் போபோனாசா ஆற்றங்கரையில் இருக்கிறது. அருகில் உள்ள பெரிய ஊர் பூயோ, சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி. மக்கள்தொகை ஏறக்குறைய 1,200. அவர்களுடைய நிலம் சுமார் 1,35,000 ஹெக்டேர். பெரும்பகுதி காடு. வேட்டை, மீன்பிடிப்பு, வீட்டுத் தோட்டத்தில் கிழங்கு வகைகள் என்று அந்தக் காட்டை நம்பித்தான் வாழ்க்கை. 1992 மே மாதம் எக்குவடோர் அரசு போபோனாசா ஆற்றுச் சமூகங்களுக்கு அந்த நிலத்தைப் பிரிக்கப்படாத கூட்டுச் சொத்தாகப் பட்டா போட்டுக் கொடுத்தது. ஆனால் பட்டாவிலேயே ஒரு நிபந்தனை இருந்தது. நிலத்துக்கடியில் இருக்கும் கனிமமும் எண்ணெயும் அரசுக்கே சொந்தம்.

நான்கு வருடம் கழித்து, 1996 ஜூலை 26 அன்று, அரசு எண்ணெய் நிறுவனம் அர்ஜென்டினாவின் சி.ஜி.சி. நிறுவனம் இடம்பெற்ற ஒரு கூட்டமைப்புடன் ஒப்பந்தம் போட்டது. 23ஆம் பிளாக் எனப்பட்ட 2,00,000 ஹெக்டேரில் எண்ணெய் தேடவும் எடுக்கவும் உரிமை. அந்தப் பிளாக்கில் ஏறக்குறைய 65 சதவீதம் சராயாகு மக்களின் நிலம். கையெழுத்தாகும் முன் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஆள் வந்தது. அரசிடமிருந்து வரவில்லை, கம்பெனியிலிருந்து வந்தது. தீர்ப்பைப் படிக்கும்போது என்னை மிகவும் உறுத்துவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் இதில் வரும் ஒவ்வொரு உத்தியும் நமக்கும் தெரிந்த மாதிரி இருக்கிறது. சமூகத்தின் சபையை விட்டுவிட்டுத் தனித்தனி ஆட்களிடம் பேசினார்கள். மருத்துவக் குழு ஒன்றை ஊருக்கு அனுப்பினார்கள். வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்துகள் பின்னால் கம்பெனி வேலைக்கு ஆதரவுக் கடிதமாக மாறின என்று சாட்சியம் இருக்கிறது. சமூக உறவுக்கென்றே தனியாக ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள். 2000ஆம் ஆண்டு 60,000 டாலர் பணமும் ஆண்களுக்கு 500 வேலையும் தருவதாகச் சொன்னார்கள். அந்த ஜூன் மாதம் சராயாகு மக்கள் சபை கூட்டி வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

சுற்றியிருந்த சில சமூகங்கள் ஒப்புக்கொண்டன. அதிலிருந்து ஊருக்கும் ஊருக்கும் சண்டை வந்தது. சராயாகு மக்கள் வெளியே போக முக்கிய வழியான ஆற்றுப் பாதை பிற்பாடு மறிக்கப்பட்டது. 2003 டிசம்பரில் பூயோவில் நடக்கவிருந்த பேரணிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் வழியில் தாக்கப்பட்டார்கள். ஒரு திட்டம் முதலில் உடைப்பது மண்ணை அல்ல, பக்கத்து ஊரோடு இருக்கும் உறவை என்பது போராட்டம் நடந்த எந்த ஊரிலும் சொல்வார்கள்.

சில வருடம் நின்றிருந்த வேலை 2002 கடைசியில் மறுபடி தொடங்கியது. நவம்பரில் சராயாகு மக்கள் அவசரநிலை அறிவித்தார்கள். அன்றாட வேலைகளை நிறுத்திவிட்டு, நிலத்தின் எல்லையில் பல இடங்களில் முகாம் போட்டுக் காவல் இருந்தார்கள். அமைதிக்கும் வாழ்வுக்குமான முகாம்கள் என்று அவற்றுக்குப் பெயர். குடும்பம் குடும்பமாக மாதக்கணக்கில் அங்கேயே கிடந்ததால் தோட்டங்கள் பாழாகி, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு வந்தது. அதே நவம்பர் 28 அன்று உள்ளூர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமைப் பாதுகாப்பு மனு போட்டார்கள். மறுநாளே நீதிபதி அதை ஏற்று, வேலையை நிறுத்தச் சொன்னார். டிசம்பர் 8 அன்று விசாரணை என்றார். அந்த விசாரணை நடக்கவே இல்லை. வேலையும் நிற்கவில்லை.

அதற்குள் ஹெலிகாப்டர் இறங்கக் காட்டில் இடம் வெட்டியாகிவிட்டது. குடிக்கும் நீரூற்றுகள் கெட்டன. அவர்களுடைய வைத்தியரும் ஆன்மிகப் பெரியவருமான ஒரு யச்சக்குக்கு உரிய லிஸ்புங்கோ மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். கடைசியில் 2003 பிப்ரவரியில் கம்பெனி தன்னால் தொடர முடியவில்லை என்று வேலையை நிறுத்தியது.

வழக்கில் உண்மையில் எதைப் பற்றி வாதம்

2003 டிசம்பரில் மனித உரிமை ஆணையத்துக்குப் புகார் போனது. ஆணையம் 2010 ஏப்ரலில்தான் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. அதே வருடம் நவம்பரில் அரசும் கம்பெனியும் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன. இந்தத் தேதி வரிசையைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பு வருவதற்கு முன்பே கம்பெனி போய்விட்டது. எண்ணெயைத் தடுத்தது முகாம்களில் கிடந்த மக்கள்தான், தீர்ப்பு அதற்குப் பின்னால் வந்து என்ன தவறு நடந்தது என்று எழுதி வைத்தது.

நீதிமன்றம் இதற்குப் பயன்படுத்தியது அமெரிக்க மனித உரிமை உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, அதாவது சொத்துரிமை. பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தைக் கூட்டாக வைத்திருப்பதும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று 2001இலேயே நிகரகுவாவின் அவாஸ் திங்னி வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. சராயாகுவில் ஒரு படி மேலே போய், அந்தச் சொத்துரிமையைப் பாதுகாக்கும் வழிதான் முன்கூட்டியே கலந்து பேசுவது என்றது. கலந்து பேசுவது எப்படி என்பதற்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 169ஆவது உடன்படிக்கையை எடுத்துக்கொண்டது. 1989 ஜூன் 27 அன்று ஏற்கப்பட்ட உடன்படிக்கை அது, சரியாக 23 வருடம் கழித்து அதே தேதியில் இந்தத் தீர்ப்பு.

திருவாரூர்ப் பக்கம் ஒரு கூட்டத்தில் இந்த வழக்கைச் சொன்னபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, நிலத்துக்கு அடியில இருக்கறது அரசாங்கத்துதுன்னு பட்டாவுலயே எழுதியிருக்குன்னு சொல்றீங்க. அப்புறம் மேல இருக்கறவன் எந்த உரிமையில கேக்க முடியும்?" கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்கான பதில் 169ஆவது உடன்படிக்கையின் 15ஆம் பிரிவில் இருக்கிறது. நிலத்தடி வளம் அரசுக்கே சொந்தம் என்பதை அந்தப் பிரிவு மறுக்கவில்லை, அதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறது. அப்படி அரசு தன்னிடம் வைத்திருக்கும் இடங்களில், தேடுவதற்கோ எடுப்பதற்கோ அனுமதி கொடுக்கும் முன் அந்த மக்களின் நலன் பாதிக்கப்படுமா, எவ்வளவு பாதிக்கப்படும் என்று அறிய அவர்களோடு கலந்து பேசும் முறையை அரசு வைத்திருக்க வேண்டும் என்கிறது. முடிந்த இடத்தில் ஆதாயத்தில் பங்கு, சேதத்துக்கு நியாயமான இழப்பீடு என்பவை அதற்கு அடுத்து வருகின்றன. ஆக உரிமை எண்ணெய்மீது இல்லை. எண்ணெயைத் தொட மேலே இருக்கும் நிலத்தைத் தாண்டித்தானே போக வேண்டும், அந்த இடத்தில் உரிமை நிற்கிறது. எடுப்பதற்கு முன் மட்டுமல்ல, தேடுவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்று உடன்படிக்கை தெளிவாகச் சொல்வதால்தான் வெறும் சர்வே குழிகளே வழக்காக முடிந்தது.

அரசு தரப்பில் இரண்டு முக்கிய வாதங்கள் இருந்தன. ஒப்பந்தம் போட்டது 1996இல், எக்குவடோர் 169ஆவது உடன்படிக்கையை ஏற்றது 1998இல். அப்போது இல்லாத கடமையை எப்படி மீறியிருக்க முடியும் என்பது ஒன்று. நீதிமன்றம் அதைப் பாதி ஏற்றது. ஒப்பந்தம் பழையதாக இருக்கலாம், ஆனால் 2002இல் வேலையை மறுபடி தொடங்கியபோது உடன்படிக்கை அமலில் இருந்தது, புதிய அரசியல் சாசனமும் இருந்தது. அந்தக் கட்டத்திலாவது கேட்டிருக்க வேண்டும் என்றது. பழைய அனுமதி என்ற சொல்லை வைத்துப் புதிய வேலையை நியாயப்படுத்த முடியாது என்பது இதன் பொருள்.

இரண்டாவது, கம்பெனிதான் மக்களிடம் போய்ப் பேசியதே என்ற வாதம். இதை நீதிமன்றம் முழுக்கத் தள்ளியது. கேட்கும் கடமை அரசின் கடமை. அதைத் தனியாரிடம் ஒப்படைக்க முடியாது, அதுவும் அந்த வளத்தில் ஆதாயம் பார்க்கப்போகிற கம்பெனியிடமே ஒப்படைப்பது சுத்தமாக ஆகாது. கேட்டதாக நிரூபிக்கும் பொறுப்பும் அரசுடையதுதான். கேட்கவில்லை என்று மக்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. தலைவர்களை விலைக்கு வாங்குவது, மாற்றுத் தலைவர்களை உருவாக்குவது, தனித்தனி ஆட்களிடம் பேரம் பேசுவது எல்லாம் நல்லெண்ணத்துக்கு எதிரானவை என்று எழுதியது. சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையையும் விடவில்லை. அதைக் கம்பெனி அமர்த்திய தனியார் நிறுவனம் மக்களின் பங்கேற்பு இல்லாமல், அரசின் கடுமையான மேற்பார்வை இல்லாமல் தயாரித்தது; சமூகத்துக்கும் ஆன்மிக வாழ்வுக்கும் என்ன ஆகும் என்று அதில் பார்க்கவே இல்லை.

2012 ஏப்ரல் 21 அன்று நீதிபதிகள் சராயாகுவுக்கே போனார்கள். ஒரு வழக்கின் இடத்துக்கு அந்த நீதிமன்றம் நேரில் போனது அதுவே முதல் முறை. அங்கே, ஊர் மக்கள் முன்னால், அரசின் சட்டச் செயலர் அரசின் பொறுப்பை ஒப்புக்கொண்டார். இருந்தாலும் நீதிமன்றம் வழக்கை அத்துடன் முடிக்காமல் விரிவான தீர்ப்பு எழுதியது. சொத்துரிமை, கலந்து பேசப்படும் உரிமை, பண்பாட்டு அடையாளம், உயிருக்கு ஆபத்து, நடக்காமல் போன அந்த விசாரணை என எல்லாவற்றிலும் அரசு பொறுப்பாளி ஆனது. பொருள் இழப்புக்கு 90,000 டாலர், மற்றப் பாதிப்புகளுக்கு 12,50,000 டாலர் சராயாகு மக்களின் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர்களோடு பேசி வெடிமருந்தை எடுக்க வேண்டும். முன்கலந்தாய்வுக்கு உரிய சட்டத்தைக் கொண்டுவர வேண்டும். பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும். 2014 அக்டோபர் 1 அன்று அமைச்சர்கள் சராயாகுவுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

தீர்ப்பு எங்கே நின்றுவிட்டது

கேட்ட பிறகு மக்கள் வேண்டாம் என்றால்? இந்தக் கேள்விக்குச் சராயாகு தீர்ப்பு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. உடன்பாட்டை எட்டும் நோக்கத்தோடு பேச வேண்டும் என்றுதான் சொல்கிறது, 169ஆவது உடன்படிக்கையின் 6ஆம் பிரிவும் அப்படியே. 2007 நவம்பரில் சுரினாமின் சராமாகா மக்கள் வழக்கில் அதே நீதிமன்றம், நிலத்தின் பெரும்பகுதியைப் பாதிக்கும் மாபெரும் திட்டமென்றால் அவர்களின் சம்மதமே வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2007 செப்டம்பர் 13 அன்று ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனமும் 32ஆம் பிரிவில், சுதந்திரமான, விவரமறிந்த சம்மதத்தைப் பெறும்பொருட்டுத் திட்டத்தை அனுமதிக்கும் முன்பே கலந்து பேச வேண்டும் என்கிறது. பெறும்பொருட்டு என்பதை, பெற்றே ஆக வேண்டும் என்று மக்கள் படிக்கிறார்கள். முயன்றால் போதும் என்று அரசுகள் படிக்கின்றன. மக்கள் படிப்பதுதான் சரி என்பது என் கருத்து. வேண்டாம் என்ற பதிலுக்கு இடமே இல்லாத பேச்சுக்குச் சம்மதத்தைப் பெறும் நோக்கம் இருந்ததாக யார் நம்புவார்கள்? ஆனாலும் அது சட்டமாக முடிந்துபோன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, தீர்ப்பு வந்த 2012ஆம் வருடம் முடிவதற்குள், நவம்பரிலேயே, எக்குவடோர் அரசு தெற்கு அமேசானில் புதிய எண்ணெய்ப் பிளாக்குகளை ஏலத்துக்கு அறிவித்தது. அவற்றில் சில சராயாகு நிலத்தின் மேலும் வந்தன. ஆழத்தில் புதைந்த வெடிமருந்தோ தீர்ப்புக்குப் பிறகும் பல வருடம் எடுக்கப்படாமலே கிடந்தது.

இங்கே எது பொருந்தும்

இந்தியா 169ஆவது உடன்படிக்கையை ஏற்கவில்லை. தெற்காசியாவில் ஏற்றது நேபாளம் மட்டும். ஆனால் அதற்கு முந்தைய, 1957ஆம் வருடத்து 107ஆவது உடன்படிக்கையை இந்தியா 1958இல் ஏற்றது, இன்றுவரை விலகவில்லை. அது பழைய காலத்துப் பார்வையில் எழுதப்பட்டது, பழங்குடிகளை மெல்ல மெல்லப் பொதுச் சமூகத்தோடு கலந்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. இருந்தாலும் 11ஆம் பிரிவு, பாரம்பரியமாக அவர்கள் குடியிருக்கும் நிலத்தின்மேல் கூட்டாகவோ தனியாகவோ உடைமையை அங்கீகரிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. ஐ.நா. பிரகடனத்துக்கு இந்தியா ஆதரவாக ஓட்டுப் போட்டது. ஆனால் விடுதலைக்குப் பின் இந்திய மக்கள் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்ற நிலைப்பாட்டோடு.

அப்படியானால் டெல்டா விவசாயி இந்த உடன்படிக்கைகளைக் கையில் எடுக்க முடியுமா? முடியாது. எத்தனை தலைமுறையாக உழுதாலும், தஞ்சாவூர், திருவாரூர் விவசாயிகள் இந்த ஆவணங்கள் சொல்லும் பொருளில் பழங்குடி மக்கள் இல்லை. அவர்களுக்கு இருந்த வழி வேறு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் கலெக்டர் அல்லது அவர் சார்பில் ஒருவர் தலைமையில் நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றுதான் பேசுவதற்கான இடம். அதில் பேசியதைப் பதிவு செய்து மேலே அனுப்புவார்கள், அவ்வளவுதான். சராயாகு அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது முன்கூட்டியும் இல்லை, ஏனென்றால் பிளாக்கை ஏலம் விட்டு ஒப்பந்தம் போட்டபின்தான் கூட்டம். உடன்பாடும் நோக்கமில்லை. அந்த இடமும் 2020 ஜனவரி 16 அன்று குறைந்தது. எண்ணெய், எரிவாயு தேடும் பணிகளை பி-2 வகைக்கு மாற்றியதால் அந்தக் கட்டத்துக்குக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்றாகிவிட்டது. 15ஆம் பிரிவு தேடுவதற்கு முன் கேள் என்கிறது. இங்கே சரியாக அந்தப் படியில்தான் கேட்பதை எடுத்தார்கள்.

அடுத்த மாதமே தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடவும் எடுக்கவும் தடை. நெடுவாசலும் கதிராமங்கலமும் இல்லாமல் இந்தச் சட்டம் வந்திருக்காது. ஆனாலும் அது மாநிலச் சட்டசபை கொடுத்தது. மக்களைக் கேட்க வேண்டும் என்ற கடமையை அது எங்கும் உருவாக்கவில்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த திட்டங்களையும் தொடவில்லை.

டெல்டாவில் இந்த உரிமை யாருக்கு உண்டு

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே, பிச்சாவரம் அலையாத்திக் காட்டை ஒட்டி இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. கழிமுகக் கால்வாய்களில் இறங்கி, தண்ணீருக்குள் கையாலேயே துழாவி இறால் பிடிப்பார்கள். மிகவும் நலிந்த நிலையில் இருப்பதாக அரசு பட்டியலிட்ட தமிழ்நாட்டின் ஆறு பழங்குடிக் குழுக்களில் இருளரும் ஒன்று. டெல்டா என்று பேசும்போது நாம் நெல் வயலை மட்டும் நினைத்து இவர்களை மறந்துவிடுகிறோம். அது எனக்கு வருத்தம், ஏனென்றால் இந்தச் சர்வதேச ஆவணங்கள் டெல்டாவில் யாருக்காவது நேராகப் பொருந்துமென்றால் அது இவர்களுக்குத்தான்.

சராயாகுவை வைத்து இவர்கள் நிலையைப் பார்த்தால் முதல் வித்தியாசம் பட்டா. சராயாகு மக்கள் கையில் 1992இன் கூட்டுப் பட்டா இருந்தது, வழக்கு அதன்மேல் நின்றது. இவர்கள் பலர் குடியிருப்பது புறம்போக்கில், தொழில் நடப்பது வனத்துறைக் காப்புக் காட்டில். ஆனால் 169இன் 14ஆம் பிரிவு, தனியாகக் குடியிருக்காவிட்டாலும் பிழைப்புக்காகப் பாரம்பரியமாகப் போய்வந்த இடங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் சேர்த்தே காக்கச் சொல்கிறது. இந்தியச் சட்டத்தில் அதற்கு நெருங்கியது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, மீனும் நீர்நிலையின் மற்றப் பொருள்களும் எடுக்கும் உரிமையைச் சமூக உரிமையாகப் பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. கால்வாயில் இறால் பிடிப்பது அதற்குள் வரும்.

அடுத்தது, யார் பழங்குடி என்று யார் சொல்வது. தம்மைத் தாமே பழங்குடியாக உணர்வதே அடிப்படை அளவுகோல் என்று 169இன் முதல் பிரிவு சொல்கிறது. இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஸ்.டி. சான்றிதழ் வாங்கியாக வேண்டும். சமவெளியில் வாழும் இருளர்களுக்கு அதை வாங்குவதே வருடக்கணக்கில் அலையும் வேலை. சான்றிதழ் இல்லாவிட்டால் வன உரிமை மனு முதல் படியிலேயே மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. கேட்பது என்றால் அந்த மக்களின் சொந்தப் பிரதிநிதித்துவ அமைப்பு வழியாகக் கேட்க வேண்டும் என்பது 6ஆம் பிரிவு. இங்கே கிராம சபையைக் கூட்டித் தீர்மானம் போட்டால் கேட்டாகிவிட்டது என்பார்கள். சில ஆயிரம் பேர் உள்ள ஊராட்சியில் இருளர் குடியிருப்பு ஒரு மூலையில் சில பத்துக் குடும்பம். அந்தக் கிராம சபையில் அவர்கள் குரல் எடுபடவே எடுபடாது. வன உரிமைச் சட்டம் பாரம்பரியக் குடியிருப்பையே ஊராகக் கருதி அதன் சபையைக் கூட்ட இடம் கொடுக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். ஒடிசாவின் நியாம்கிரியில் நடந்தது அப்படித்தான். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், பாக்சைட் சுரங்கத்தால் டோங்கிரியா கோந்த் மக்களின் உரிமைகள் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பார்த்து முடிவு சொல்லட்டும் என்றது. மலைச்சரிவின் 12 சிற்றூர்களில் சபை கூடி, 12ம் வேண்டாம் என்றன. அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்படும் பழங்குடிப் பகுதிகள் தமிழ்நாட்டில் கிடையாது, ஆகவே அந்தப் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் இங்கே உதவாது. நியாம்கிரி தீர்ப்போ முக்கியமாக வன உரிமைச் சட்டத்தின்மேல் நிற்பதால் அதை இங்கும் எடுத்துச் சொல்லலாம்.

நாளைக்கு அந்தக் கழிமுகத்தின் குறுக்கே ஒரு சர்வே கோடோ குழாய்ப் பாதையோ வருவதாக வைத்துக்கொள்வோம். எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்குச் சராயாகு நல்ல வழி காட்டுகிறது. வந்து பேசுகிறவர் அரசு அதிகாரியா, கம்பெனி ஆளா என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஒப்பந்தத் தேதியையும் முதல் கூட்டத்தின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முன்கூட்டிக் கேட்டார்களா என்பது உடனே தெரிந்துவிடும். மருத்துவ முகாமிலோ நிவாரணப் பொருள் கொடுக்கும் இடத்திலோ நீட்டப்படும் தாளின் மேலே எதற்கான கையெழுத்து என்று தலைப்பு இல்லாவிட்டால் கை வைக்கக் கூடாது. தலைப்பு இருந்தாலும் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். குடியிருப்பு கூடி எடுத்த முடிவைத் தேதி போட்டு, வந்தவர் எல்லோரும் கையெழுத்திட்டு, ஒரு நகலைக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 2000 ஜூனில் சராயாகு சபை வேண்டாம் என்று எடுத்த முடிவு 12 வருடம் கழித்துத் தீர்ப்பில் இடம்பெற்றது, அது பதிவாக இருந்ததால்தான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது சமூக வன உரிமைக்கான படிவம் பி. குடியிருப்பின் சபை வன உரிமைக் குழு அமைத்து, எந்தெந்தக் கால்வாயில் எந்த மாதத்தில் என்ன பிடிக்கிறார்கள் என்று வரைபடத்தோடு மனு எழுத வேண்டும். வயதானவர்களின் வாய்மொழி வாக்குமூலமும் சான்றாகும். சபை தீர்மானம் போட்டபின் அது ஆர்.டி.ஓ. தலைமையிலான கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு மேல்முறையீடு செய்யலாம், அதற்கு 60 நாள் அவகாசம். மனு பரிசீலனையில் இருக்கும்வரை 4ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவு அவர்களை அவர்கள் அனுபவத்தில் இருக்கும் வன நிலத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. ஆகவே திட்டம் வரும் செய்தி கேட்டபின் எழுதுவதைவிட, எந்தத் திட்டமும் வராத வருடத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.